பாஸ்வேர்டு கேட்டு வரும் போன்: ஆளை உறுதி செய்வது எப்படி?

நிறுவனங்களின் ஹெல்ப் டெஸ்க்குக்குத் தினமும் வரும் போன்களில் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லும் போன் தவறாமல் இருக்கும். நீண்ட விடுமுறை முடிந்து வந்தவர் பாஸ்வேர்டை மறந்திருப்பார். ஐந்து முறை தப்பாக அடித்துக் கணக்கு பூட்டிக்கொண்டிருக்கும். புதுப் போன் வாங்கியவருக்கு ஓடிபி வராமல் நின்றிருக்கும். இப்படிக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையான ஊழியர்கள்தான். ஆனால் அதே எண்ணுக்கு, அதே கோரிக்கையோடு, ஊழியரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு திருடனும் கூப்பிடலாம். அவன் கம்ப்யூட்டர் எதையும் உடைக்க வேண்டியதில்லை. ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பவரை நம்ப வைத்துவிட்டால் போதும், சாவி அவன் கைக்கு வந்துவிடும். மனிதர்களை ஏமாற்றி உள்ளே நுழையும் இந்த வகை மோசடியைத்தான் சோஷியல் இன்ஜினியரிங் என்கிறார்கள்.

இந்தப் போன் இரண்டு விதமாக வரும். ஒன்றில், கூப்பிடுகிறவன் தன்னையே அந்த ஊழியர் என்று சொல்லிக்கொள்வான். இன்னொன்றில், சக ஊழியருக்காகப் பேசுவதாகச் சொல்வான்: "சார் ஃப்ளைட்டில் இருக்கிறார், இறங்கியதும் மீட்டிங், அவருடைய பாஸ்வேர்டை மாற்றி என்னிடம் சொல்லிவிடுங்கள், நான் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்." இரண்டாவதற்குப் பதில் எளிது. ஒருவருடைய பாஸ்வேர்டை இன்னொருவர் கேட்டு மாற்றுவது என்பதே கூடாது. கேட்பவர் மேனேஜராக இருந்தாலும், நிர்வாக இயக்குநரின் செயலாளராக இருந்தாலும் கூடாது. ஆனால் அதே ஆள் "சாருடைய போன் திருடு போய்விட்டது, கணக்கை உடனே முடக்குங்கள்" என்று சொன்னால் அதைக் கேட்டு முடக்கலாம். முடக்கச் சொன்னவர் பொய் சொல்லியிருந்தாலும் ஓர் ஊழியரின் ஒரு மணி நேர வேலைதான் கெடும். திறக்கச் சொன்னவர் பொய் சொல்லியிருந்தால் நிறுவனமே முடங்கலாம். முடக்குவதற்குக் குறைந்த ஆதாரம் போதும், திறப்பதற்கு நிறைய வேண்டும் என்ற இந்த வேறுபாடு எழுதப்பட்ட விதியாகவே இருக்க வேண்டும்.

முதல் வகைதான் சிக்கலானது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. வீட்டுச் சுத்தப் பொருட்கள் தயாரிக்கும் அந்த நிறுவனம் தன் ஹெல்ப் டெஸ்க் வேலையைக் காக்னிசன்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. 2023 ஆகஸ்ட் 11 அன்று ஒருவன் ஹெல்ப் டெஸ்க்குக்கு போன் செய்து, தான் ஓர் ஊழியர் என்றும், பாஸ்வேர்டு இல்லாததால் உள்ளே போக முடியவில்லை என்றும் சொன்னான். அடையாளம் கேட்காமலேயே அவனுக்குப் புது பாஸ்வேர்டு தரப்பட்டது என்கிறது குளோராக்ஸின் மனு. தொடர்ந்து, போனில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறான். அதுவும் நடந்தது. பிறகு அதே நாளில், தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்யும் இன்னொருவரின் பெயரிலும் இதே பேச்சு, இதே பலன். ஒரு பாஸ்வேர்டு மாறினால் அந்த ஊழியருக்கும் அவருடைய மேனேஜருக்கும் மின்னஞ்சல் போக வேண்டும் என்பது குளோராக்ஸ் வகுத்திருந்த நடைமுறை. அந்த மின்னஞ்சலும் போகவில்லை என்று மனு சொல்கிறது.

விளைவு கடுமையாக இருந்தது. கணினி அமைப்புகள் முடங்கி உற்பத்தி தடைபட்டது, ஆர்டர்களைக் கையால் எழுதிப் பார்க்க வேண்டிவந்தது, கடைகளில் சரக்கு தட்டுப்பட்டது. 2025 ஜூலையில் கலிஃபோர்னியாவில் தாக்கல் செய்த வழக்கில் குளோராக்ஸ் 38 கோடி டாலர் இழப்பு என்று கணக்குக் காட்டியது. காக்னிசன்ட் இதை மறுத்தது. தனக்குத் தரப்பட்டது ஹெல்ப் டெஸ்க் என்ற குறுகிய வேலை மட்டுமே, குளோராக்ஸின் இணையப் பாதுகாப்பு தன் பொறுப்பில் இல்லை என்பது அதன் நிலை. மனுவில் இருப்பது ஒரு தரப்பின் வாதம் என்பதை மறக்கக்கூடாது. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, அந்தப் போனின் அமைப்பை மட்டும் பார்த்தாலே பாடம் கிடைக்கிறது. பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் தனித்தனிப் பூட்டுகளாக வைக்கப்பட்டவை. ஒன்றைத் திருடியவனை மற்றது தடுக்கும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் பொருள். ஒரே ஆள் இரண்டையும் மாற்றிக்கொடுக்க முடியும் என்றால், இரண்டு பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இது ஒற்றைச் சம்பவமும் இல்லை. அதே 2023 ஆகஸ்ட் கடைசியில், உள்நுழைவுச் சேவை நடத்தும் ஆக்டா நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதிக அதிகாரம் கொண்ட பயனர்களின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீக்கித் தரும்படி ஹெல்ப் டெஸ்க்குகளுக்குப் போன்கள் வருகின்றன என்றது அது. அடுத்த மாதம் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் ஹோட்டல் குழுமம் தாக்கப்பட்டது. ஏறக்குறைய 10 கோடி டாலர் பாதிப்பு என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 2025 வசந்தத்தில் பிரிட்டனின் சில்லறைக் கடை நிறுவனங்கள் தாக்கப்பட்டபோது, ஹெல்ப் டெஸ்க் பாஸ்வேர்டு மாற்றும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று அந்நாட்டின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் அறிவுறுத்தியது.

பல ஹெல்ப் டெஸ்க்குகளில் இன்றும் இருக்கும் முறை, கேள்வி கேட்டு ஆளை அடையாளம் காண்பது. ஊழியர் எண் என்ன, பிறந்த தேதி என்ன, மேனேஜர் பெயர் என்ன, எந்த ஊர் அலுவலகம்? நான்கும் சரியாக இருந்தால் உண்மையான ஆள். இந்த முறை உருவானபோது அந்த விவரங்கள் அலுவலகத்துக்கு வெளியே எளிதாகக் கிடைக்கவில்லை. இப்போது மேனேஜர் பெயரும் பதவியும் லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கின்றன. பிறந்த தேதியை நண்பர்களின் வாழ்த்துகள் காட்டிக்கொடுக்கும். அலுவலகத்தில் எடுத்த படத்தில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் ஊழியர் எண் தெரியும். மீதியை வெளியே கசிந்த தரவுத் தொகுப்புகளில் விலைக்கு வாங்கலாம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் ஹெல்ப் டெஸ்க்கையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் போனில் ஊழியர் எண்ணைத் தப்பாகச் சொல்லி, எத்தனை இலக்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வான். இரண்டாவது போனில் வேறொரு ஏஜென்டிடம் பேசி, என்னென்ன கேள்விகள் வரும் என்று பார்த்துக்கொள்வான். மூன்றாவது போனில் எல்லாவற்றுக்கும் தடுமாறாமல் பதில் சொல்வான். சொல்லப்போனால், இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறுகிறவர் உண்மையான ஊழியராகத்தான் இருப்பார். தன் ஊழியர் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர் குறைவு.

போனில் தெரியும் எண்ணையும் நம்ப முடியாது. எந்த எண்ணிலிருந்து வருவதுபோலவும் காட்டும் வசதி மோசடிக்காரர்களிடம் இருக்கிறது. குரலும் அப்படியே. சில விநாடிப் பதிவை வைத்து ஒருவரின் குரலைப் போலச் செய்ய இப்போது முடிகிறது. ஆக, கூப்பிடுகிறவரிடமிருந்து வரும் எதுவும், அவர் சொல்லும் தகவல், அவர் காட்டும் எண், அவர் குரல் எதுவும், அவர் யார் என்பதற்குச் சாட்சியாகாது. சாட்சி நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து வர வேண்டும். ஊழியர் சேர்ந்த நாளிலோ, வேறு அமைதியான ஒரு நாளிலோ பதிவு செய்துவைத்த வழி ஒன்று இருக்கும். அந்த வழியில் ஹெல்ப் டெஸ்க் தானே போய் ஊழியரைத் தொட வேண்டும். நல்ல நடைமுறைகள் எல்லாம் இந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தவை.

அதில் மிகப் பழையதும் எளியதும் திருப்பி அழைப்பது. கோரிக்கையைக் கேட்டுக்கொண்டு, டிக்கெட் எண்ணைச் சொல்லி, போனை வைத்துவிட வேண்டும். பிறகு பணியாளர் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு ஏஜென்ட் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வேறு எண் தந்தால் அதற்கு அழைக்கக்கூடாது. பதிவேட்டில் உள்ள எண் எப்போது மாற்றப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் மனிதவளப் பிரிவுக்குப் போன் செய்து "என் எண் மாறிவிட்டது" என்று புது எண்ணைப் பதிய வைத்துவிட்டு, மறுநாள் ஹெல்ப் டெஸ்க்குக்கு வருவது தெரிந்த தந்திரம். அப்போது திருப்பி அழைக்கும் போனும் திருடனிடமே போகும். அண்மையில் மாறிய எண்ணைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்தாமல், சில வாரங்களாவது காத்திருந்து பிறகே ஏற்றுக்கொள்ளும் விதி இந்த ஓட்டையை அடைக்கும். எண் மாறும்போது பழைய எண்ணுக்கும் ஒரு செய்தி போக வேண்டும். சிம் கார்டையே தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் மோசடியும் உண்டு என்பதால், அதிகாரம் அதிகமுள்ள கணக்குகளுக்குத் திருப்பி அழைப்பது மட்டும் போதாது.

இரண்டாவது வழி, ஊழியரின் போனில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் சரிபார்ப்புச் செயலி. ஏஜென்ட் தன் திரையிலிருந்து அந்தச் செயலிக்கு ஒரு கேள்வியை அனுப்புவார். ஊழியர் அதைத் தன் போனில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆறு இலக்க எண்ணை அனுப்பி "அதைப் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டால் திருடனுக்கு ஒரு வழி திறக்கிறது. ஒரு கையில் ஹெல்ப் டெஸ்க்கோடு பேசிக்கொண்டே, இன்னொரு போனில் உண்மையான ஊழியரைக் கூப்பிட்டு, "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கி அப்படியே இங்கே படித்துவிடுவான். அதனால் போனில் வரும் செய்தி வெறும் எண்ணாக இருக்கக்கூடாது. "உங்கள் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி ஹெல்ப் டெஸ்க்குடன் இப்போது பேசிக்கொண்டிருப்பது நீங்களா?" என்ற கேள்வியும், ஆம், இல்லை என்ற இரண்டு பொத்தான்களும் இருக்க வேண்டும். இல்லை என்பதை ஊழியர் தொட்டால், அந்தக் கணமே அது பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும் எச்சரிக்கையாக மாற வேண்டும்.

இந்த இரண்டும் போன் கையில் இருக்கும்வரைதான். போனையே தொலைத்தவர் என்ன செய்வார்? திருடனும் இதைத்தான் சொல்வான் என்பதால் எல்லா நடைமுறைகளும் சோதிக்கப்படும் இடம் இது. ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை இரவு 8.40. விற்பனைப் பிரிவு அதிகாரி என்று ஒருவர் கூப்பிடுகிறார். விமான நிலையத்தில் போனும் பையும் தொலைந்துவிட்டன. ஹோட்டல் போனிலிருந்து பேசுகிறார். பத்து மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு கூட்டம். பாஸ்வேர்டும் வேண்டும், புதுப் போனுக்குச் சரிபார்ப்புச் செயலியும் மாற்ற வேண்டும். ஊழியர் எண், மேனேஜர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார்.

ஏஜென்ட் செய்யும் முதல் வேலை, அந்தக் கணக்கை முடக்குவது. போன் தொலைந்தது உண்மை என்றால் அதுதான் முதல் அவசரம். உண்மையான ஊழியர் அதை எதிர்க்க மாட்டார். "முடக்க வேண்டாம், மாற்றி மட்டும் கொடுங்கள்" என்று பதறினால் அதுவே ஓர் அறிகுறி. அடுத்து, பதிவேட்டில் உள்ள மேனேஜரை ஏஜென்ட் தானே அழைக்கிறார். "இவருக்கு மாற்றித் தரலாமா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. மேனேஜருக்கும் ஒன்றும் தெரியாது. நல்லெண்ணத்தில் சரி என்று சொல்லிவிடுவார். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: "நீங்கள் இவரோடு நேரடியாகப் பேசி உறுதி செய்யுங்கள். இவர் தரும் எண்ணுக்கு அழைக்க வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு வழியில் பேசுங்கள்." மேனேஜரிடம் அந்த அதிகாரியின் மனைவி எண் இருக்கலாம், கூடப் போன சக ஊழியரின் எண் இருக்கலாம். சக ஊழியர் "ஆமாம், என் பக்கத்தில்தான் நிற்கிறார்" என்றால் சாட்சி கிடைத்துவிட்டது. "அவரா? வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்" என்று மனைவி சொன்னால் வந்த போன் தாக்குதல்.

மேனேஜர் கிடைக்கவில்லை என்றால், பதிவேட்டில் அவருக்கு மேலே உள்ளவர். அவரும் கிடைக்கவில்லை என்றால், வீடியோ அழைப்பில் முகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்துப் பணியாளர் பதிவில் உள்ள படத்தோடு ஒப்பிடலாம். இதற்கும் எல்லை உண்டு. ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், 2024இல் வெளியான செய்திகளின்படி, போலியாக உருவாக்கப்பட்ட முகங்கள் கலந்துகொண்ட வீடியோ கூட்டத்தை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பிவிட்டார். ஆகவே வீடியோ ஒரு துணைச் சான்று; அதை மட்டும் வைத்துத் திறக்கக்கூடாது. எதுவுமே முடியவில்லை என்றால் பதில் "காலையில் அருகிலுள்ள கிளைக்கு நேரில் வாருங்கள்" என்பதுதான். பத்து மணிக் கூட்டம் தவறிப்போகும். அந்த இழப்பு உண்மையானது, ஊழியருக்குக் கோபம் வருவதும் நியாயமே. ஆனாலும் நிறுவனம் அந்த இழப்பை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதாத இடத்தில், இரவு ஷிஃப்டில் தனியாக இருக்கும் ஏஜென்ட் அதைத் தன் பொறுப்பில் முடிவு செய்யும்படி ஆகிறது. சென்னையிலும் கோவையிலும் அப்படி இரவு முழுக்க வெளிநாட்டு நிறுவனங்களின் போன்களை எடுப்பவர்கள் ஏராளம். எதிர்முனையில் இருப்பவரை வாழ்நாளில் பார்த்திராதவர்கள் அவர்கள். விதி தெளிவாக இல்லாவிட்டால் முதலில் மாட்டுவது அவர்கள்தான்.

ஆள் உறுதியான பிறகும் பாஸ்வேர்டை வாயால் சொல்லிக் கொடுக்கக்கூடாது. மைக்ரோசாஃப்ட் அமைப்பு உள்ள இடங்களில் இதற்காக டெம்பரரி ஆக்சஸ் பாஸ் என்ற தற்காலிகக் குறியீடு இருக்கிறது. அதை ஒருமுறை மட்டும் செல்லும்படியும், குறைந்தது 10 நிமிடம் வரை ஆயுளைச் சுருக்கியும் வைக்கலாம். ஊழியர் அதை வைத்து உள்ளே போய், தன் புதுப் போனைத் தானே பதிவு செய்து, பாஸ்வேர்டையும் தானே அமைத்துக்கொள்வார். அந்தக் குறியீட்டைக் கூப்பிட்டவரிடம் சொல்லாமல், உறுதி செய்த மேனேஜர் வழியாகக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு. சர்வர்களையும் பிறருடைய கணக்குகளையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர்களுக்கு இந்த வழியே திறந்திருக்கக்கூடாது. அவர்களுடைய கணக்கைச் சாதாரண ஹெல்ப் டெஸ்க் ஏஜென்டின் திரையிலிருந்து தொட முடியாதபடி அமைப்பிலேயே தடுத்துவிட வேண்டும். நேரில் வருவதும் இரண்டு பேர் சேர்ந்து ஒப்புதல் தருவதும்தான் அவர்களுக்கான முறை.

மாற்றம் முடிந்ததும் செய்தி போக வேண்டும்: ஊழியரின் பழைய எண்ணுக்கும், தனிப்பட்ட மின்னஞ்சலுக்கும், மேனேஜருக்கும். அலுவலக மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பினால், உள்ளே புகுந்துவிட்ட திருடன்தான் முதலில் படித்து அழிப்பான். அடுத்த சில மணி நேரம் அந்தக் கணக்கின் நடவடிக்கையைப் பாதுகாப்புப் பிரிவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்வேர்டு மாறிய உடனே இரண்டாவதாக இன்னொரு போன் பதிவாவது, இதுவரை வராத ஊரிலிருந்து உள்நுழைவது, மின்னஞ்சலில் தானாக அழிக்கும் விதி உருவாவது, ஐடி பிரிவின் ஆவணங்களைத் தேடுவது ஆகியவை ஆள் மாறியிருப்பதைக் காட்டும்.

இவ்வளவும் எழுதிவைத்த பிறகும் நடைமுறை குலைவது ஏஜென்ட் மேல் விழும் அழுத்தத்தால். பெரும்பாலான ஹெல்ப் டெஸ்க்குகளில் ஒரு போனை எத்தனை நிமிடத்தில் முடித்தார் என்பதும், பேசியவர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பதும்தான் ஏஜென்டின் மதிப்பெண். சரிபார்ப்பை ஒழுங்காகச் செய்தவருக்கு இரண்டிலும் மதிப்பெண் குறையும். பாஸ்வேர்டு கோரிக்கைகளை இந்தக் கணக்கிலிருந்து விலக்கினால் ஒழிய, பயிற்சி வகுப்புகளால் பெரிய பயன் இருக்காது. மறுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் தயாராகக் கொடுக்க வேண்டும்: "சார், உங்கள் கணக்கைப் பாதுகாக்கத்தான் இந்த முறை. இதைத் தாண்டித் திறக்க என் திரையில் வழியே இல்லை. பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு இப்போதே கூப்பிடுகிறேன்." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருப்பது முக்கியம். சரிபார்ப்பு முடிந்ததாகப் பதிவாகாமல் மாற்றும் பொத்தான் வேலை செய்யாதபடி டிக்கெட் அமைப்பைக் கட்டியிருந்தால், எவ்வளவு அதட்டினாலும் கெஞ்சினாலும் ஏஜென்ட் விட்டுக்கொடுக்க ஒன்றுமிருக்காது.

மறுக்கப்பட்ட போனையும் பதிவு செய்ய வேண்டும். ஓர் ஏஜென்ட் மறுத்ததும் திருடன் போனை வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டு இன்னொரு ஏஜென்டைப் பிடிப்பான். மறுத்தவர் அந்த ஊழியரின் கணக்கில் நேரத்தோடும் காரணத்தோடும் ஒரு குறிப்பைச் சேர்த்திருந்தால், அடுத்தவர் கணக்கைத் திறந்ததுமே அது முதலில் கண்ணில் படும். அதே பெயரில் ஒரே நாளில் இரண்டு மறுப்புகள் பதிவானால் கணக்கு தானாக முடங்கி, பாதுகாப்புப் பிரிவு அந்த ஊழியரைப் பதிவேட்டு எண்ணில் அழைத்துப் பேசும்படி வைத்துக்கொள்ளலாம்.